குறியும் கறையும்: கொச்சியிலிருந்து மாட்டுங்கா வரை

வெளி, ஃபோர்ட் கொச்சி

எறணாகுளத்திலிருந்து படகில் காயலைக் கடந்து ஃபோர்ட் கொச்சியில் இறங்குவோரில் பெரும்பாலோர் சீன வலைகள் நிற்கும் கரையோடு திரும்பிவிடுவதால், ஊருக்குள் சற்றுத் தள்ளி ‘வெளி’ என்னும் பகுதியில் உள்ள தோபி கானா என்கிற சலவைக்கூடம் அவ்வளவு கூட்டம் காணாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டச்சுக்காரர்கள் கொச்சியை ஆண்ட 1663 முதல் 1795 வரையிலான காலத்தில், படையினரின் சீருடைகளைத் துவைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்களே இங்குத் தொழில் செய்கின்றனர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் வீட்டில் பேசும் தமிழில் மலையாளச் சொற்கள் தாராளமாகக் கலந்திருந்தாலும், துணி, கஞ்சி, நீலம், வெள்ளாவி ஆகிய தொழிற்சொற்கள் தமிழாகவே இருக்கின்றன.

சுவரால் பிரிக்கப்பட்ட துவைக்கும் தொட்டிகளைத் தாண்டினால் காய வைக்கும் திடல் வருகிறது. அங்கே துணிகளைப் பிடித்து வைக்கக் கிளிப்புகள் இல்லை. இரண்டு புரியாக முறுக்கிக் கட்டப்பட்ட கயிற்றின் முறுக்கைச் சிறிது விரித்து, துணியின் முனையை அதற்குள் செருகிவிட்டால், கயிறே அதைக் கவ்விக்கொள்கிறது. கஞ்சி போட்ட வேட்டிகள் காற்றில் விறைத்து நிற்கும் அந்தத் திடலில், ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே எது எந்த விடுதிக்கு உரியது என்பதை வேலை செய்பவர் ஒரு முனையைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவதைக் காணும் வெளியூர்க்காரருக்கு, இந்தத் தொழிலின் பாதி துவைப்பதில் இல்லை, திருப்பிக் கொடுப்பதில் இருக்கிறது என்பது புரியத் தொடங்குகிறது.

சிரட்டைக் கரி போட்ட கனத்த இஸ்திரிப் பெட்டியை ஒரு பக்கம் நிமிர்த்தி வைத்துவிட்டு, அங்கிருந்த முதியவர் ஒருவர் அதை விளக்கினார். “வீட்டுத் துணிக்கு நம்பர் எதுக்கு சார்? ஒரு வீட்டுத் துணிய நாலு தடவ துவைச்சா அது நம்ம வீட்டுத் துணி மாதிரி ஆயிடும். ஓட்டல்காரங்க துணிதான் எல்லாம் ஒண்ணு போல இருக்கும், குறி அதுக்குத்தான்.” குறி என்று அவர் சொன்னது, விரிப்பின் மடித்துத் தைத்த ஓரத்திலும் சட்டைக் காலரின் உட்புறத்திலும் மையால் இடப்படும் கோடும் புள்ளியும் எழுத்தும் சேர்ந்த சிறு அடையாளம். அது உடுப்பவர் கண்ணில் படாத இடத்திலும், துவைப்பவர் கைக்கு உடனே எட்டும் இடத்திலும் அமைய வேண்டும் என்பதால், ஒவ்வோர் உடைக்கும் குறிக்கான இடம் ஏறத்தாழ முடிவாகியிருக்கிறது: சட்டைக்குக் காலர், கால்சட்டைக்கு இடுப்புப் பட்டியின் உட்புறம், வேட்டிக்கும் விரிப்புக்கும் மூலை.

ஆனால் குறி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். துணி யாருடையது என்பதே அது. வந்தபோது அந்தத் துணி எப்படி இருந்தது, என்று தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது ஆகிய இரண்டையும் அது சொல்வதில்லை. கொச்சியில் அந்த இரண்டும் துவைப்பவரின் நினைவில் இருக்கின்றன. மழைக்காலத்தில் வெயில் இல்லாத நாள்களில் தேதி தள்ளிப்போவதை விடுதிக்காரரும் புரிந்துகொள்கிறார். சலவை இடமும் வாங்கும் கடையும் வேறு வேறாகி, வாங்குபவர் ஒருவர், கறை எடுப்பவர் இன்னொருவர், இஸ்திரி போடுபவர் மூன்றாமவர் என்று ஆகும் ஊர்களில் இந்த நினைவைத் தாளில் எழுதிவைக்க வேண்டிவருகிறது. அப்படி எழுதும் முறைதான் டேக் என்று வழங்கும் எண் துண்டும், அதனோடு இணைந்த ரசீதும்.

கொங்கண் வழி

புட்டும் கடலையும் தந்த காலைப் பசியாறலோடு கொச்சியை விட்டு வடக்கே செல்லும் ரயில், மங்களூரைத் தாண்டியபின் 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் பாதையில் சுரங்கமும் பாலமுமாக நுழைந்து வெளிவருகிறது. சன்னலுக்கு வெளியே செம்மண் சரிவுகளில் மாவும் முந்திரியும் மாறி மாறி வருகின்றன. இவ்விரண்டு மரங்களும் அடங்கிய அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சேராங்கொட்டை மரம். கடையில் விற்கும் மை பரவலாகும் முன்னர், இந்தியத் துணிகளில் சலவைக்குறி இடப்பட்டது பெரும்பாலும் அதன் சாற்றைக்கொண்டுதான்.

சேராங்கொட்டையின் கரிய ஓட்டில் எண்ணெய்ப் பதமான சாறு நிறைந்திருக்கும். ஊசியால் கொட்டையைக் குத்தி, முனையில் ஒட்டிய சாற்றைத் துணியில் புள்ளியாக இட்டு, அதன்மேல் சுண்ணாம்பைத் தடவினால் குறி கறுத்து இழையோடு பிடித்துக்கொள்ளும். பிறகு வெள்ளாவியில் வைத்து அவித்தாலும் கல்லில் அடித்தாலும் அது போவதில்லை. இவ்வளவு உறுதியான மைக்கு ஒரு கெடுதலும் உண்டு. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் கொப்புளிப்பதைப்போல இந்தச் சாறும் ஒவ்வாதவர்களுக்கு அரிப்பையும் கொப்புளத்தையும் தரும், துவைத்துக் காய்ந்த துணியில் இருந்தாலும்கூட. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்களின் பின்கழுத்திலும் இடுப்பிலும் தோன்றிய புண்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அவை சட்டைக் காலரிலும் கால்சட்டைப் பட்டியிலும் இருந்த சலவைக்குறி சரியாகத் தொடும் இடங்களில் வந்திருப்பதைக் கண்டு, 1943-இல் அதனை வண்ணார் குறியால் வரும் தோல் அழற்சி என்று எழுதிவைத்தனர். நோயின் இடமே காரணத்தைக் காட்டிக்கொடுத்த நிகழ்ச்சி அது.

இன்று சேராங்கொட்டையின் இடத்தை அழியா மைப் பேனா பிடித்துக்கொண்டது. நீரில் அழியாத இந்த மை எல்லாவற்றிலும் அழியாததன்று. நீருக்குப் பதிலாகக் கரைப்பான் திரவத்தில் துணியைச் சுழற்றி அழுக்கெடுக்கும் உலர்சலவையில், அதாவது டிரைகிளீனிங்கில், பேனா மைகள் பலவும் கசிந்து பக்கத்துத் துணியில் ஏறிவிடக்கூடும். பட்டுப் புடவையில் பேனா வைக்க எந்தக் கடைக்காரரும் துணியமாட்டார். எனவே குறி துணியிலிருந்து பிரிந்து, துணியோடு கட்டப்படும் தனித் துண்டாக மாறியது. மாறியதும், உதிர்ந்துபோகும் ஆபத்தும் அதனோடு சேர்ந்துகொண்டது.

மகாலட்சுமி, மும்பை

மகாலட்சுமி ரயில் நிலையத்தை ஒட்டிய பாலத்தின்மேல் நின்றால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைக்கப்பட்ட தோபி காட் முழுவதும் கீழே விரிகிறது. வெளிநாட்டவர் படம் எடுப்பதற்கென்றே வந்து நிற்கும் இடம் இது. பாலத்திலிருந்து பார்ப்பது பார்வையாளருக்கு வசதியாக இருக்கிறதே தவிர, வேலையைப் புரிந்துகொள்ள உதவுவதில்லை. இறங்கிச் சென்றால், கான்கிரீட் தொட்டிகளுக்கு அருகிலேயே பெரிய துவைக்கும் இயந்திரங்களும் சுழல்வதையும், மருத்துவமனை விரிப்புகளும் விடுதித் துண்டுகளும் மூட்டைமூட்டையாக வந்திறங்குவதையும் காணலாம். இங்கு ஒரு மூட்டை முழுவதும் ஒரே இடத்திற்குத் திரும்பிப் போவதால், கணக்கு பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்காகவே முடிந்துவிடுகிறது. ஒரு விரிப்புக்குப் பதில் அதே விடுதியின் வேறு விரிப்பு போனால் எவருக்கும் நட்டமில்லை. தனி மனிதரின் தனி உடைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைக் காண மாட்டுங்காவுக்குத்தான் போக வேண்டும்.

மாட்டுங்கா

ஃபில்டர் காப்பி மணமும் பூக்கட்டும் கடைகளும் கோயில் மணியுமாக, மும்பைக்குள் ஒரு மயிலாப்பூரைப்போல இருக்கும் மாட்டுங்காவில், திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் நடத்தும் சலவைக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் காத்திருக்க வேண்டிய அளவுக்குச் சிறியது. சலவை நடப்பது அங்கன்று. துணியை வாங்குவதும், எண்ணிடுவதும், திரும்பி வந்ததைச் சரிபார்த்துக் கொடுப்பதும் மட்டுமே அங்கு நடக்கின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் அங்கே வந்த ஒரு மூதாட்டியின் பையிலிருந்து ஐந்து உருப்படிகள் வெளிவந்தன: சந்தன நிறப் பட்டுப் புடவை, அதன் ரவிக்கை, வெள்ளைச் சட்டை, கோட்டு, அதே துணியில் தைத்த பேன்ட். சலவைத் தொழிலில் எண்ணப்படும் ஒவ்வொரு துணிக்கும் உருப்படி என்று பெயர்.

கடைக்காரர் உடனே எழுதத் தொடங்கவில்லை. ஒவ்வொன்றையும் விளக்கின் கீழ் விரித்து, பைகளில் கைவிட்டு, பட்டன்களை எண்ணி, புடவையை முந்தானையிலிருந்து மடிப்பு மடிப்பாகத் தள்ளிப் பார்த்தார். சட்டையின் இடது கைப்பட்டைக்கு அருகே ரசம் சிந்திய மஞ்சள் தெரிந்தது. புடவையில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்டார்: “மாமி, இதுல ஏதாவது சிந்திச்சா? ஜூஸ், பானகம், இளநீர்?”

“பேரன் மடியில ஜூஸக் கொட்டினான். தண்ணி தொட்டுத் துடைச்சுட்டேனே, ஒண்ணும் தெரியலையே தம்பி.”

“அதான் மாமி சிக்கல். எந்த எடம்னு காட்டுங்க.”

அந்த இடத்தை அவர் சிறு வெள்ளை நூலால் ஒரு தையல் போட்டு அடையாளம் செய்துகொண்டார். இந்தச் சிறு செயலின் காரணம் விரிவாகத் தெரிந்துகொள்ளத்தக்கது. பழச்சாற்றில் உள்ள சர்க்கரை நீரில் கரையும், உலர்சலவைத் திரவத்தில் கரையாது. எனவே துணி இயந்திரத்திலிருந்து வெளிவந்தபின்னும் காய்ந்த சர்க்கரை இழையிலேயே தங்கியிருக்கும். அதன்மேல் உலர்த்தும் வெப்பமும் இஸ்திரிச் சூடும் படும்போது அது பழுப்பேறி, அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த கறை முதன்முறையாகத் தெரியத் தொடங்குகிறது. கொடுத்தபோது இல்லாத கறை வாங்கும்போது இருக்கிறது என்றால் கடைதான் கறைப்படுத்தியது என்று எவரும் நினைப்பது இயல்பே. இடம் முன்பே தெரிந்தால், கறை எடுப்பவர் இயந்திரத்தில் போடும் முன்னரே அந்த இடத்தை மட்டும் நீர்ப்பதமான மருந்தால் தட்டி எடுத்துவிடுவார். கறை வராமலே போய்விடும்.

மஞ்சள் கறையின் கதை வேறு. மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும் தன்மையுடையதாதலால், வீட்டில் அவசரப்பட்டுச் சோப்புப் போட்டவர்கள் மஞ்சள் புள்ளி செம்பழுப்பாக மாறியதைக் கண்டு திகைப்பதுண்டு. அது புதுக்கறை அன்று, பழைய கறையே நிறம் மாறி நிற்பது. வெள்ளைப் பருத்தியாக இருந்தால் துவைத்து வெயிலில் போடும்போது அந்த நிறம் மெல்ல வெளுக்கும். எனவே ரசீதில் ‘கறை’ என்று மட்டும் எழுதினால் எவருக்கும் பயனில்லை. எங்கே, எதனால், எத்தனை நாளாக, வீட்டில் ஏதும் போட்டார்களா என்னும் நான்கும் இருந்தால்தான், துணியையும் வாடிக்கையாளரையும் பார்க்காத கறை எடுப்பவர் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க முடியும். கடைக்காரர் எழுதிய வரி இது: ‘வெ. சட்டை, இடது கைப்பட்டை, ரசம், 2 நாள், சோப்பு போடவில்லை. மேலிருந்து 3-ஆம் பட்டன் இல்லை.’

பின்னர் தேதி. கோட்டும் பேன்டும் வெள்ளிக்கிழமையே வேண்டும் என்றும், மற்றவை ஞாயிற்றுக்கிழமைத் திருமணத்துக்குமுன் வந்தால் போதும் என்றும் மூதாட்டி சொன்னார். ஒரே ரசீதில் இரண்டு தேதி எழுதுவது எளிது. அவர் அப்படிச் செய்யாமல் இரண்டு ரசீதுகளாகப் பிரித்தார். எண் 2618-இல் புடவை, ரவிக்கை, சட்டை மூன்றும் சனிக்கிழமைக்கு. எண் 2619-இல் கோட்டும் பேன்டும் வெள்ளிக்கிழமைக்கு. ஒரு ரசீதில் பாதி உருப்படி முதலில் போய்விட்டால், ரசீதும் அதனோடு போய்விடும், மீதியுள்ளவை யாருடையவை என்று தெரியாமல் அலமாரியில் கிடக்கும் என்பது அவர் தந்த விளக்கம். கோட்டையும் பேன்டையும் ஒருபோதும் பிரிக்காததற்கும் காரணம் உண்டு: ஒன்று இன்று, மற்றொன்று அடுத்த வாரம் என்று வெளுத்தால், இரண்டின் சாயலும் வெவ்வேறாகிவிடும்.

சனிக்கிழமை என்ற தேதியும் சும்மா சொன்னதன்று. செவ்வாய் மாலை வாங்கியது புதன் காலை வண்டியில் போகும். புதன் கறை எடுப்பு, வியாழன் இயந்திரம், வெள்ளி இஸ்திரி, அன்று மாலை கடைக்குத் திரும்பும். ரசீதில் உள்ள மிக மெதுவான உருப்படிக்கு ஆகும் நாளை எண்ணி, கடையில் சரிபார்ப்பதற்கு அரை நாளைக் கூட்டினால் சனிக்கிழமை வருகிறது. கறையில்லாத கோட்டுக்கு ஒரு நாள் குறைகிறது; வியாழன் மாலை வண்டியிலேயே வந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் டேக் வந்தது. நனைந்தாலும் கிழியாத தடித்த தாளில், எண்ணும் அதன்கீழ் ‘3-இல் 1’, ‘3-இல் 2’ என்று உருப்படி வரிசையும் எழுதிய மஞ்சள் துண்டுகள். அந்தக் கடையில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம், செவ்வாய்க்கு மஞ்சள். வெள்ளி மாலை வண்டி வந்து போனபின்னும் சலவைக்கூடத்தின் கம்பியில் எங்கேனும் மஞ்சள் தொங்கினால், எண்ணைப் படிக்காமலே அது தாமதம் என்று தெரிந்துவிடும். சட்டைக்கு மேல் பட்டன் துளையில் நூலால் கட்டினார். பேன்டுக்கு பெல்ட் வளையத்தில். புடவைக்கு மட்டும், பட்டில் டேக்கைக் குத்தாமல், ஃபால்ஸ் துணியின் ஓரத்தில் ஒரு தளர்ந்த தையலாக. பட்டில் ஸ்டேப்ளர் அடிக்கும் கடையில் புடவை கொடுக்கக்கூடாது என்பது அங்கு நின்றிருந்த இன்னொரு பெண்மணியின் தீர்ப்பு. அது நியாயமான தீர்ப்புத்தான். ரசீதின் மேல்தாள் மூதாட்டிக்கு, இரண்டாம் தாள் துணி மூட்டையோடு, மூன்றாவது கடைப் புத்தகத்தில்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்பதைக் கடைக்காரர் ஒரு நிகழ்ச்சியால் காட்டினார். ஒருமுறை சரிபார்க்கும்போது ஒரு ரசீதில் ஒரு வெள்ளைச் சட்டை குறைந்தது. அதே நாளில் டேக் இல்லாத ஒரு வெள்ளைச் சட்டை மிஞ்சியது. இரண்டு தவறுகள்போலத் தோன்றினாலும் இது ஒரே தவறு என்று அனுபவமுள்ளவர் முதலில் நினைப்பார். மிஞ்சியதை எடுத்துக் குறைந்த இடத்தில் வைத்துவிடத் தோன்றும். அவர் அப்படி வைக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டியபோது, குறைந்த சட்டையின் எதிரே ‘பையின் அடியில் பேனா மை, பழையது’ என்று இருந்தது. மிஞ்சிய சட்டையிலோ பையே இல்லை. மேலும் தேடியதில் 686 என்ற எண்ணுடைய மூட்டையில் 989-இன் சட்டை கிடந்தது தெரிந்தது. ஆறும் ஒன்பதும் தலைகீழாகப் படிக்கப்பட்டிருந்தன. பையில்லாத சட்டை 686-க்கு உரியது, அதன் டேக் இயந்திரத்தில் உதிர்ந்துபோயிருந்தது. 686-இன் மூட்டையில் உருப்படிக் கணக்கு சரியாக இருந்ததால் அங்கே எவருக்கும் ஐயம் எழவில்லை. எண்ணிக்கை சரியாக இருப்பது உடைமை சரியாக இருப்பதாகாது என்பதே இதில் உள்ள நுட்பம். அதுமுதல் அவர் கடையில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடிக்கோடு இடுகிறார்கள்.

கறையைக் குறித்துவைப்பது கடைக்காரர் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை என்றே வாடிக்கையாளர்கள் எண்ணுகின்றனர். முகம் சுளிப்பவர்களும் உண்டு. எண் தொலைந்தபின் ஒரு வெள்ளைச் சட்டையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கறை, கிழிசல், காணாமற்போன பட்டன் ஆகியவற்றின் குறிப்பு மட்டுமே என்பதைப் பார்க்கும்போது, அது துணியின் சொந்தக்காரரையும் அதே அளவு காப்பது விளங்குகிறது. கொச்சி முதியவர் நினைவில் வைத்திருந்ததை மாட்டுங்காக்காரர் அந்த ஒரு வரியில் வைத்திருக்கிறார்.

சென்னை

சென்னைக்குத் திரும்பினால், தெருமுனை இஸ்திரி வண்டியில் இவை எதுவும் இல்லை. உருப்படி எண்ணிக்கை ஒரு பழைய நோட்டில் வீட்டு எண்ணுக்கு எதிரே எழுதப்படுகிறது, மாலையில் எண்ணி வாங்கப்படுகிறது. தவறு நேர்ந்தால் மறுநாள் அதே இடத்தில் அதே ஆள் நிற்பார் என்பதால் அது போதுமானதாகவும் இருக்கிறது. பெயர்ப்பலகையும் அச்சிட்ட ரசீதும் கொண்ட கடைகளில்தான் வேறொரு சிக்கல் தொடங்குகிறது. அந்த ரசீதின் பின்புறத்தில் பொடி எழுத்தில், துணி தொலைந்தால் அதன் மதிப்பில் ஒரு சிறு பங்குதான் தரப்படும் என்று அச்சிட்டிருப்பதுண்டு. இப்படி ஒரு நிபந்தனையைக் காட்டி, சலவைக்குக் கொடுத்துத் தொலைந்த புதுப் புடவைக்கு முழு ஈடு தர மறுத்த ஒரு கடையின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற அந்தத் தீர்ப்பு, அத்தகைய நிபந்தனை பொதுநலனுக்கு முரணானது, செல்லாது என்று கூறியது. குறைந்த தொகையைக் கொடுத்துவிட்டு விலையுயர்ந்த துணியைத் தானே வைத்துக்கொள்ள அது கடைக்கு வழிவிடும் என்பது அதன் அடிப்படை. சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டம் படிப்போர் இன்றும் இவ்வழக்கைப் படிக்கின்றனர்.

பின்புறத்து எழுத்தால் தப்ப முடியாத கடையும், முன்புறம் வெறுமையாக இருந்தால் வாடிக்கையாளருக்குப் பெரிதாக உதவாது. தொலைந்தது பட்டுதான், அதில் கறை இல்லை, சனிக்கிழமைக்கு வாக்குத் தரப்பட்டது என்பதைக் காட்ட அந்தத் தாளைத் தவிர வேறு சான்று பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே அடுத்தமுறை துணி கொடுக்கும்போது, துடைத்து மறைந்துபோன சாற்றின் இடத்தைத் தாமாகவே காட்டுங்கள். ‘புடவை 1’ என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளாமல், நிறம், கரை, கறை, தேதி நான்கையும் கடைக்காரர் உங்கள் எதிரிலேயே எழுதிய பிறகு வாங்குங்கள்.